மேற்குக் கடைசித் துளை

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரின் கடையில் பதினான்கு வருடமாக டைப் அடிக்கிறேன். இந்த வேலையில் கை வேகமாகிறதோ இல்லையோ, மனசு கெட்டுப்போகும். கூடப் பிறந்தவர்கள் ஒன்றாகச் சிரித்துக்கொண்டே வந்து இறங்கினால், யார் யாருக்குப் பட்டை நாமம் போடப்போகிறார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். பெரும்பாலும் என் கணக்கு தப்புவதில்லை.

அதிலும் நான் அதிகம் அடித்தது விடுதலைப் பத்திரம். அப்பா சொத்தில் தனக்குள்ள பங்கு வேண்டாம், அண்ணன் தம்பிகளே வைத்துக்கொள்ளட்டும் என்று பெண்பிள்ளைகள் எழுதிக் கொடுப்பது. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வருவார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அண்ணன்காரன் ஆளுக்கொரு ஜூஸ் வாங்கிக் கொடுப்பான். அவ்வளவுதான். நூறு பேரையாவது பார்த்திருப்பேன். ஒருத்தியும் முழுசாக வாசித்து நான் பார்த்ததில்லை.

நானும் ஒரு பெண்பிள்ளைதான், எனக்கும் ஒரு தம்பி உண்டு. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீடு அப்பா கட்டியது. உயில் எதுவும் இல்லை. எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி என்று சட்டம் சொல்கிறது. நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகும் என்ற நினைப்பும் இல்லை. அந்த வீட்டை விட்டால் எனக்குப் போக இடமில்லை. இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

நானும் அவனும் சேர்ந்து வாங்கிய ஒரு கேம் கன்சோல் வீட்டு முன்னறையில் இருந்தது. தம்பி விசைத்தறிக்கு நூல் விற்கும் கடையில் வேலை பார்க்கிறான். சாயங்காலம் இருவரும் வீடு திரும்பியதும் ஆளுக்கொரு கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு கால்பந்து ஆடுவோம். நாற்பதை நெருங்குகிற பொம்பளை கேம் விளையாடுகிறாளே என்று தெருவில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஐந்து ஆட்டத்தில் மூன்றை நான்தான் ஜெயிப்பேன். அதற்காக ஒரு தீபாவளி போனஸில் நானாகவே ஒரு சவுண்ட்பார் வாங்கிப் போட்டேன். கோல் விழும்போது கூட்டம் போடுகிற கூச்சல் அதில் கேட்டால்தான் எனக்குத் திருப்தி.

வைகாசியில் தம்பிக்குக் கல்யாணம் முடிந்தது. பெண் வாசுதேவநல்லூர். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் வாயே திறக்க மாட்டாள். வாய் திறக்காத ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று பிடி கிடைக்காது. கல்யாணத்துக்குப் பிறகும் சாயங்கால ஆட்டம் நின்றுவிடவில்லை. அவள் வாசற்படி ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். எங்களைப் பார்க்கிறாளா, வீட்டை அளவெடுக்கிறாளா என்று நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது தம்பி ஆரம்பித்தான்.

"எக்கா, டிவியையும் கன்சோலையும் மாடி ரூமுக்கு மாத்திருவோமா? தபசுக்கு இவ வீட்டுல இருந்து எல்லாரும் வாராங்க. முன் ரூமுலதான படுக்கணும்."

"தபசு முடிஞ்சதும் கீழ வந்துருமா?"

"எதுக்கு ரெண்டு அலைச்சல்? அங்கனயே இருக்கட்டும்."

மாடியில் இரண்டு அறைகள். ஒன்று அவர்கள் படுக்கும் அறை. அதை ஒட்டியிருக்கும் சின்ன அறையைத்தான் மாடி ரூம் என்றான். அங்கே போவதென்றால் அவர்கள் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும். சாயங்காலம் ஒருநாள் போகலாம், இரண்டு நாள் போகலாம். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் வாசலைத் தாண்டி மூன்றாம் நாள் எந்த நாத்தனார் போவாள்? முதலில் சாமான் நகரும், அப்புறம் ஆள் நகரும். எங்கள் கடைக்கு வருகிற கதைகளெல்லாம் அப்படித்தான் தொடங்குகின்றன. யாரோ பீரோவை மாற்றி வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கட்டிலை.

இது போதாதென்று, ஒருநாள் நான் உள்ளே வரவும் தம்பி போனைச் சட்டென்று வைத்தான். இன்னொரு நாள் அளவு டேப்போடு மாடிப்படியில் நின்றான். என்னவென்று கேட்டால், "டிவி ஸ்டாண்டு அடிக்கணும்லா" என்றான். டிவிக்கு மட்டும்தானா என்று என் வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

"சரி, மாத்துவோம். ஆனா லிஸ்டு போட்டுத்தான் மாத்தணும். எது எங்க இருந்துச்சோ அப்படியே இருக்கணும்" என்றேன்.

"கன்சோலுக்கு என்னத்துக்குக்கா பத்திரம்?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அன்றே கடையில் வேலை முடிந்ததும் உட்கார்ந்து அடித்தேன். பதினெட்டு வரிகள். கன்சோலை உறக்க நிலையில் விடாமல் முழுவதுமாக அணைக்க வேண்டும். முன்விளக்கு அணையும்வரை கரண்ட்டைத் தொடக்கூடாது. உள்ளே டிஸ்க் இருந்தால் வெளியே எடுத்துவிட வேண்டும். கழற்றுவதற்கு முன்பு டிவியின் பின்புறத்தைப் போட்டோ எடுக்க வேண்டும். சுவர் சுவிட்சை அணைத்த பிறகே பிளக்கைப் பிடுங்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். புது இடத்தில் கன்சோலுக்குப் பின்னால் காற்றுப் போக இடம் விட வேண்டும். இன்டர்நெட் கேபிளைக் கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். எல்லாக் கேபிளும் மாட்டிய பிறகு கடைசியாகத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும்.

எந்தக் கேபிள் எந்தத் துளையில் என்பதையும் விடவில்லை. டிவிக்கு அடியில் மூன்று எச்.டி.எம்.ஐ துளைகள் வரிசையாக உண்டு. வீட்டிலேயே குனிந்து பார்த்துக் குறித்து வந்திருந்ததை அப்படியே எழுதினேன்: கிழக்குக் கடைசித் துளையில் கன்சோல். நடுத் துளையில் செட்டாப் பாக்ஸ். மேற்குக் கடைசித் துளையில் சவுண்ட்பார். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டேன். ஒன்று ஒப்படைப்பவர், ஒன்று பெற்றுக்கொள்பவர்.

தம்பி வாசிக்காமலே கையெழுத்துப் போட்டான். அவன் பெண்டாட்டிதான் அந்தத் தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். உதடு அசைய அசைய வாசித்தாள். இவள் எதற்கு இவ்வளவு அக்கறையாக வாசிக்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வேலையைத் தொடங்கினோம். ராகு காலத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். கழற்றுகிற வேலை என் கண் முன்னாலேயே நடந்தது. நான் லிஸ்டை வாசிக்க வாசிக்க, ஒவ்வொன்றாக அவள் செய்தாள். போட்டோவை என் போனில் நானே எடுத்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் அவள் பென்சிலால் ஒரு டிக் போட்டாள். டிவியைத் தம்பி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து மாடிக்கு ஏற்றினோம்.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கடை முதலாளி போன் செய்தார். திங்கட்கிழமை காலையில் பதிவுக்கு இருந்த ஒரு பத்திரத்தில் சர்வே எண் தப்பாக விழுந்துவிட்டதாம். அடித்தது நான், நான்தான் போய்த் திருத்த வேண்டும். லிஸ்டை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். வழியெல்லாம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேண்டுமென்றே என்னை அனுப்பிவிட்டார்களோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. முதலாளிக்கும் என் தம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பினேன். மாடி ரூமில் டிவி சுவரில் ஏறியிருந்தது. லிஸ்டில் பதினெட்டு வரிக்கும் பதினெட்டு டிக். தம்பி ரிமோட்டை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். திரையில், சிக்னல் இல்லை என்று வந்தது.

"என்னல செஞ்சீங்க?"

"பொறு. வேற எதுலயாவது வருதான்னு பாக்கேன்." ஒன்று, இரண்டு என்று மாற்றிக்கொண்டே போனான். மூன்றில் கன்சோலின் படம் வந்தது. "இந்தா வந்துட்டுல்லா. முன்ன ஒண்ணுல வந்துச்சு, இப்ப மூணுல வருது. எதுல வந்தா என்ன?"

படம் வந்தது, சவுண்ட்பாரில் சத்தம் வரவில்லை. டிவியின் சொந்த ஸ்பீக்கரிலிருந்து மூக்கடைத்தவன் பேசுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. சவுண்ட்பாரின் ரிமோட்டை அமுக்கினால் விளக்கு எரிந்தது. ஆனால் ஒரு முணுமுணுப்புகூட இல்லை.

கன்சோல் நன்றாக இருக்கிறது. டிவி நன்றாக இருக்கிறது. செட்டாப் பாக்ஸ் நன்றாக இருக்கிறது. நான் என் சொந்தக் காசில் வாங்கிய சாமான் ஒன்று மட்டும் ஊமையாகிவிட்டது. இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"சவுண்ட்பார யார் மாட்டுனா?"

"நாந்தான் மதினி" என்றாள் அவள்.

"கீழ போட்டியா?"

"இல்ல மதினி. லிஸ்டுல எப்படி எழுதியிருக்கீயளோ அப்படித்தான் மாட்டுனேன்."

அந்தப் பதில் எனக்கு நக்கலாகப் பட்டது. அதற்குப் பிறகு நான் பேசியதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். "ஒரு மணி நேரம் நான் இல்ல. அதுக்குள்ள என் சாமான் மட்டும் கெட்டுப்போச்சு. இன்னைக்கு சாமான மாடிக்கு ஏத்தியாச்சு. நாளைக்கு மாடிக் கதவப் பூட்டுவீங்க. அடுத்தது என்னட்ட விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கணும், அப்படித்தான? நானே டைப் அடிச்சுக் கொண்டு வந்துருதேன். உங்களுக்கு எழுத்துக்கூலி மிச்சம்" என்றேன்.

தம்பி ரிமோட்டைக் கீழே வைத்தான். அவன் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "உன் பங்க எவன்க்கா கேட்டான்?" என்று மெல்லக் கேட்டான். "டேப்ப வச்சு அளந்தது டிவிக்கில்ல. உனக்கு முட்டி வலிக்கின்னு மாடிப்படிக்குக் கைப்பிடி போட அளந்தேன். வெல்டிங் கடைக்காரன்ட்டதான் போன்ல பேசினேன். சொன்னா வேண்டாம்ப, அதான் சொல்லல. இனி நீ கீழயே இரு. நாங்க வேணா வேற எங்கயாவது வீடு பாத்துக்கிடுதோம்."

படியிறங்கிப் போய்விட்டான். வாசலில் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவளும் பின்னாலேயே கீழே போனாள்.

கைப்பிடி கதையை நான் உடனே நம்பிவிடவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் எத்தனை அழகாகக் கதை சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். கேபிளை மாற்றிவிட்டார்களா என்று பார்த்துவிடலாம் என்று போனில் டார்ச் அடித்துக்கொண்டு டிவிக்கு அடியில் குனிந்தேன். கேபிள் பழையதுதான். துளைகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருந்தது. மூன்றுக்குப் பக்கத்தில் மட்டும் கூடுதலாக ஏ.ஆர்.சி என்றிருந்தது. நான் கீழே எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அங்கே ஏ.ஆர்.சி துளையில் இருந்தது சவுண்ட்பார். இங்கே அந்தத் துளையில் கன்சோல். சவுண்ட்பார் ஒன்றாம் துளையில் கிடந்தது.

டிவியின் சத்தம் கேபிள் வழியாக வெளியே வருவது அந்த ஏ.ஆர்.சி துளை ஒன்றில் மட்டும்தான் என்று சவுண்ட்பார் வாங்கியபோது மாட்ட வந்த பையன் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மற்ற துளையில் மாட்டினால் சவுண்ட்பாரை மாட்டியதாகவே கணக்கில்லை.

பிடித்துவிட்டேன் என்று இருந்தது. மாற்றி மாட்டியிருக்கிறாள், லிஸ்டில் டிக் வேறு போட்டிருக்கிறாள். தம்பி வந்ததும் போட்டோவையும் லிஸ்டையும் அவன் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று தாளை எடுத்தேன். பதினான்காவது வரி: மேற்குக் கடைசித் துளையில் சவுண்ட்பார்.

ஜன்னலைப் பார்த்தேன். சாயங்கால வெயில் எந்தப் பக்கமிருந்து விழுந்ததோ அந்தப் பக்கத்துக் கடைசித் துளையில்தான் சவுண்ட்பார் இருந்தது. மேற்கேதான் இருந்தது. அவள் ஒரு நூல் பிசகாமல் மாட்டியிருந்தாள்.

கீழே டிவி வடக்குச் சுவரில் தெற்கே பார்த்து இருந்தது. மாடியில் ஜன்னலுக்காக அதைத் தெற்குச் சுவரில் வடக்கே பார்க்க அடித்திருந்தார்கள். டிவி திரும்பிவிட்டது, கூடவே துளைகளும் திரும்பிவிட்டன. கீழே கிழக்கிலிருந்த ஒன்றாம் துளை இங்கே மேற்கு. பதினான்கு வருடமாக நிலத்துக்கு நான்கெல்லை எழுதிய கை. இதற்கு வடக்கு, அதற்குக் கிழக்கு என்று எழுதியே பழக்கம். நிலம் திரும்பிப் படுக்காது. டிவி திரும்பும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. துளைக்குப் பக்கத்தில் நம்பர் இருக்கிறது, அதை எழுதினால் முடிந்தது. நான் திசையை எழுதியிருந்தேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. யாரும் பார்க்கவில்லை என்பது அந்த நேரத்தில் ஓர் ஆறுதலாகக்கூடத் தோன்றியது. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

கன்சோலை முழுதாக அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்தேன். இரண்டு கேபிளையும் தலையைப் பிடித்து இழுத்து இடம் மாற்றினேன். கன்சோல் ஒன்றுக்கு, சவுண்ட்பார் மூன்றுக்கு. கரண்ட் கொடுத்து, ஒன்றாம் இன்புட்டுக்கு மாற்றினேன். டிவியின் ஒலி செட்டிங்கில் சவுண்ட்பாரைத் தேர்ந்தெடுத்தேன். மைதானத்துக் கூட்டம் மொத்தமும் அறைக்குள் புகுந்த மாதிரி சத்தம் வந்தது.

சத்தம் கேட்டு அவள் படியேறி வந்து வாசலில் நின்றாள். அழுதிருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது. நான் சத்தத்தைக் குறைத்தேன்.

"தப்பு என் பேர்லதான். லிஸ்ட நாந்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். அவ்வளவு லேசாக வந்துவிடவில்லை அந்த வார்த்தை. அதைச் சொன்ன கையோடு, புத்தி போகுமா, கேள்வியும் கேட்டேன். "நீ படிச்ச புள்ளதான? ஏ.ஆர்.சின்னு எழுதியிருக்கத பாக்கலியா?"

"பாத்தேன் மதினி."

"அதுலதான் சவுண்ட்பார் மாட்டணும்னு தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன்டி மாத்தி மாட்டுன?"

அவள் லிஸ்டைப் பார்த்தாள். "லிஸ்டுல மேற்குன்னு போட்டிருந்துச்சு. பத்திரம் எழுதுத கை. நீங்க எழுதுனது தப்பா இருக்காது, எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இருக்குன்னு நெனச்சேன்."

எழுத்தில் வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஆட்களை நான் கடையில் நாள்தோறும் பார்க்கிறேன். என் எழுத்தை அப்படி நம்பி என் வீட்டிலேயே ஒருத்தி இருப்பாள் என்று நான் நினைத்ததில்லை. அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். இன்னொரு கன்ட்ரோலரை அவள் பக்கம் தள்ளினேன். அவள் அதை எடுக்கவில்லை.

"மதினி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"விடுதலைப் பத்திரம்னு சொன்னீயள்லா. அப்படின்னா என்னது?"

சொன்னேன். பெண்பிள்ளை பங்கு வேண்டாம் என்று கூடப் பிறந்தவர்களுக்கு எழுதிக் கொடுப்பது என்று. அதற்கு மேல் விளக்கவில்லை. என் வாயில் வந்த பேச்சுக்கு நான்தான் தலைகுனிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பரிசம் போட்டதுக்கு மறுநாள் எங்க அண்ணன்மாரு என்னய ரிஜிஸ்டர் ஆபீஸ்க்குக் கூட்டிட்டுப் போனாங்க. கல்யாணச் செலவுக்கு அப்பா பேர்ல இருக்க எடத்த வச்சு லோன் எடுக்கணும், எல்லாரும் கையெழுத்துப் போடணும்னாங்க. அப்பா போனதுக்குப் பெறகு எல்லாம் அவங்கதான பாக்காங்க. ஒவ்வொரு தாள்லயும் போட்டேன். ரேகையும் வச்சேன். போட்டோவும் எடுத்தாங்க." தன் கட்டை விரலைப் பார்த்தாள். "லோனுக்கு பேங்குக்குப் போகாம அங்க எதுக்கு ரேகை வச்சேன்னு இப்பதான் தோணுது. வாசிக்கல மதினி. எழுத்துல இருக்குல்லா, சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். அதுக்குப் பேருதான் விடுதலைப் பத்திரமா?"

ரேகை வைத்தபோது கூடவே இரண்டு சாட்சிகள் நின்றார்களா, பக்கத்துக் கடையில் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்களா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அந்தப் பத்திரத்தின் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், வாசித்துப் பார்த்து, முழு மனச்சம்மதத்துடன் எழுதிக் கொடுக்கிறேன் என்று அது முடியும். இந்தப் பெண் என் பங்கைப் பிடுங்க வந்தவள் என்று இரண்டு மாதமாகக் காவல் காத்திருக்கிறேன்.

அவள் இப்போது என் முகத்தைப் பார்த்தாள். தபசுக்கு அந்த அண்ணன்மார்கள்தான் வரப்போகிறார்கள், முன்னறையில் அவர்களுக்குத்தான் பாய் விரிக்கப் போகிறோம்.

"ஆமா" என்றேன்.